கோடு எங்கே விழுகிறது? வாடிக்கையாளர் பயண வரைபடத்தை ஒரே ஸ்லைடில் வரைவது

நான் முதன்முதலில் வரைந்த வாடிக்கையாளர் பயண வரைபடத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு முகம். மூன்று முகங்கள் சிரித்தன, ஒன்று சும்மா இருந்தது, ஒன்று வாடியிருந்தது. கூட்டத்தில் ஒருவர் அந்த வாடிய முகத்தைக் காட்டி, "இவர் இந்த இடத்தில் ஏன் இப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். ஸ்லைடில் அதற்குப் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. எல்லா முகமும் சிரித்தால் நம்பமாட்டார்கள் என்று நினைத்து அதை அங்கே வைத்திருந்தேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்படி ஒரு ஸ்லைடை எப்படி வரைவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன என்று பார்த்துவிடுவோம். ஒருவர் ஒரு தேவையோடு கிளம்பி, ஒரு நிறுவனத்திடம் வந்து, அந்தத் தேவை தீரும்வரை (அல்லது தீராமல் விலகும்வரை) என்னென்ன செய்கிறார், அப்போதெல்லாம் அவருக்கு எப்படி இருக்கிறது, எங்கே இடறுகிறார் என்பதை இடமிருந்து வலமாக, நடந்த வரிசையில் வைத்துக் காட்டும் படம்தான் கஸ்டமர் ஜர்னி மேப். நெடுக்கில் கட்டங்கள் நிற்கும். குறுக்கில் மூன்று வரிசைகள் போகும்: அவர் செய்தது, அவர் உணர்ந்தது, அவரை இடறவைத்தது. கடைசி வரிசையைத்தான் பெயின் பாயின்ட் என்கிறார்கள். நான் இந்தக் கட்டுரையில் இடறல் என்றே சொல்கிறேன்.

வரிசைகளைக் குறுக்கே வாசிப்பது எல்லோருக்கும் தானாக வரும். ஆனால் இந்தப் படத்தின் பலன் மேலிருந்து கீழே வாசிக்கும்போதுதான் கிடைக்கிறது. ஒரு கட்டத்தில் உணர்வுக் கோடு கீழே விழுந்தால், அதற்கு நேர் கீழே அதற்கான இடறல் இருக்க வேண்டும். அதற்கு நேர் மேலே, அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று தாங்க வேண்டும். என் பழைய ஸ்லைடில் முகம் இருந்தது, அதைத் தாங்க மேலேயும் கீழேயும் எதுவும் இல்லை.

சரி, ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு முழுக்கப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. வேறு வீட்டுக்குக் குடிமாறிய ஒருவர். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். ஐந்து நாள் விடுப்பு எடுத்திருக்கிறார், ஆறாம் நாள் காலை வேலைக்கு உட்கார வேண்டும். அதற்குள் வீட்டுக்கு இணைய இணைப்பு வந்தாக வேண்டும். இதுதான் அவருடைய பயணம்.

யாருடைய பயணம், எந்தச் சூழலில் என்பதை இப்படி இறுக்கிச் சொல்லாவிட்டால் அடுத்த எதையும் வரைய முடியாது. "எங்கள் வாடிக்கையாளர்" என்று பொதுவாக வைத்துக்கொண்டால், அவசரம் இல்லாதவரும் ஆறாம் நாள் வேலைக்கு உட்கார வேண்டியவரும் ஒரே கோட்டில் கலந்துபோவார்கள். ஒரு வரைபடத்துக்கு ஒரு வகை ஆள், ஒரு நோக்கம். இன்னொரு வகை ஆளுக்கு இன்னொரு ஸ்லைடு.

இப்போது கட்டங்கள். இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தின் உள்ளே போய்க் கேட்டால், பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு பட்டியல் வரும்: விளம்பரம், விசாரணை, பதிவு, நிறுவல், பில். ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை இருக்கிறது, ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். பட்டியல் தவறில்லை, ஆனால் அது நிறுவனத்தின் பயணம். குடிமாறியவரிடம் உட்கார்ந்து கேட்டால் வேறு பட்டியல் வரும்: தேடினேன், பதிவு செய்தேன், காத்திருந்தேன், இணைப்பு வந்தது, முதல் வாரம் பயன்படுத்தினேன், முதல் பில் வந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறுவனத்தின் பட்டியலில் காத்திருத்தல் இல்லை. ஏன் இல்லை என்பதும் புரிந்துகொள்ளக்கூடியதுதான். அந்த நாட்களில் நிறுவனத்தில் யாரும் வாடிக்கையாளரோடு எதுவும் செய்வதில்லை. விண்ணப்பம் ஒரு வரிசையில் கிடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் குடிமாறியவருக்கு ஐந்து நாள் விடுப்பில் பெரும்பகுதி அதிலேயே போகிறது. நிறுவனம் எதுவும் செய்யாத நேரம் என்பதால் அந்தக் கட்டம் வரைபடத்திலிருந்தே காணாமல்போகிறது. அதனால்தான் கட்டங்களின் பெயர்களை வாடிக்கையாளரே சொல்வதுபோல எழுதச் சொல்கிறேன். "நான்" அல்லது "எனக்கு" என்று முன்னால் போட்டுப் படித்துப் பார்த்தால் முழு வாக்கியமாகப் பொருந்த வேண்டும். "நான் காத்திருந்தேன்", "எனக்கு இணைப்பு வந்தது" பொருந்துகின்றன. "நான் நிறுவல்" பொருந்தவில்லை.

எத்தனை கட்டங்கள்? ஒரே ஸ்லைடில் ஐந்து முதல் ஏழு. அதற்குமேல் போனால் எழுத்து சிறுத்துவிடும். குறைவாக வைத்தால், காத்திருத்தல் மாதிரி ஒன்று பக்கத்துக் கட்டத்துக்குள் புதைந்துவிடும்.

அடுத்தது உணர்வுக் கோடு. இங்கேதான் பலரும் கற்பனையில் இறங்கிவிடுகிறார்கள். இந்தக் கோட்டுக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் என்றால் பெரிய கணக்கெடுப்பு தேவையில்லை. சமீபத்தில் இதே பயணத்தை முடித்த ஆறு பேரிடம் ஆளுக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் பேசினாலே வரையத் தொடங்கிவிடலாம்.

பேசும்போது "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் "பரவாயில்லை" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். "அன்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கைபேசியில் அந்த நாளின் அழைப்புப் பதிவையும் குறுஞ்செய்திகளையும் திறந்து வைத்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். "இரண்டாம் நாள் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறேன். ஆமாம், அன்று கடைக்குப் போவதாக இருந்தது, ஆள் வந்துவிடுவாரோ என்று போகவில்லை." இதில் உணர்வைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அந்த மூன்று அழைப்பும் போகாத கடையும் அவர் மனநிலையைச் சொல்லிவிடுகின்றன.

அப்புறம் ஒவ்வொருவருடைய ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பெண் போட வேண்டும். நான் −2 முதல் +2 வரை வைத்துக்கொள்கிறேன். அவர் செய்ததை வைத்துத்தான் மதிப்பெண். விட்டுவிட்டு வேறு நிறுவனத்துக்குப் போகலாமா என்று பார்த்தார் என்றால் −2. எரிச்சலோடு தொடர்ந்தார் என்றால் −1. குறிப்பாக எதுவும் இல்லை என்றால் 0. எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக முடிந்தது என்றால் +1. தானாகவே இன்னொருவரிடம் நல்லபடியாகச் சொன்னார் என்றால் +2. பேச்சுக் குறிப்புகளை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து மதிப்பெண் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டும் மாறுபடும் இடத்தில் குறிப்பைத் திரும்பப் படிக்க வேண்டும்.

ஆறு பேரின் மதிப்பெண்ணை ஒரே கோடாக்கும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. "இணைப்பு வந்தது" என்ற கட்டத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு ஆள் வந்தார், அரை மணி நேரத்தில் முடித்தார், இணையம் ஓடியது. நான்கு பேருக்கும் +2. மற்ற இருவருக்கு வந்த ஆளிடம் போதிய நீளத்தில் கேபிள் இல்லை, நாளை வருகிறேன் என்று போய்விட்டார். இரண்டு பேருக்கும் −2. சராசரி எடுத்தால் 0.67 வருகிறது. கொஞ்சம் நல்ல அனுபவம் என்று அந்த எண் சொல்கிறது. ஆனால் கொஞ்சம் நல்ல அனுபவம் அந்த ஆறு பேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

எனவே சராசரியைக் கோடாக்காதீர்கள். மதிப்பெண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் வருவதை, அதாவது இடைநிலையை, கோட்டுக்கு எடுங்கள். ஆறு பேர் என்பதால் நடுவில் இரண்டு மதிப்பெண்கள் வரும், அந்த இரண்டுக்கும் நடுப்புள்ளி. இங்கே இரண்டுமே +2, எனவே கோடு +2-இல் போகும். ஆனால் அதோடு நிறுத்தினால் அந்த இருவரும் காணாமல்போவார்கள். ஆகவே ஆறு பேரின் மதிப்பெண்களையும் சிறிய சாம்பல் புள்ளிகளாக, ஒன்றின்மேல் ஒன்று விழாமல், கோட்டுக்குப் பின்னால் வையுங்கள். மேலே நான்கு புள்ளிகள், கீழே இரண்டு. பார்த்தவுடனே இங்கே இரண்டு விதமான அனுபவம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது இடறல்கள். இதை எழுதும் விதத்தில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, மங்கலாக எழுதுவது. "தகவல் தொடர்பு சரியில்லை" என்று எழுதினால் எந்த நிறுவனத்துக்கும் எந்தக் கட்டத்துக்கும் பொருந்தும், யாராலும் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. இன்னொன்று இதைவிட நுட்பமானது. தீர்வையே இடறலாக எழுதிவிடுவது. "குறுஞ்செய்தி அனுப்பும் வசதி இல்லை" என்பது கேட்பதற்கு இடறல் மாதிரி இருக்கும். உண்மையில் அது "குறுஞ்செய்தி வசதி வேண்டும்" என்ற தீர்வைத் திருப்பிப்போட்டது. அப்படி எழுதிவிட்டால் கூட்டத்தில் குறுஞ்செய்தியைப் பற்றி மட்டுமே பேச்சு நடக்கும். தினமும் "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு செய்தி போக ஏற்பாடாகும், குடிமாறியவர் அப்போதும் கடைக்குப் போகமாட்டார்.

அவருக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: "ஆள் எந்த நாள் வருவார் என்று தெரியாததால் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. 6-இல் 5 பேர்." இதைப் படிக்கும் எவருக்கும் என்ன தீர வேண்டும் என்பது தெரிகிறது. எப்படித் தீர்ப்பது என்பது இன்னும் திறந்தே இருக்கிறது. குறுஞ்செய்தியும் அனுப்பலாம், பதிவு செய்யும்போதே நாளைத் தேர்ந்தெடுக்கவும் விடலாம். எண்ணைச் சேர்த்து எழுதுவதையும் விடாதீர்கள். ஒருவர் சொன்னதும் ஐந்து பேர் சொன்னதும் ஒரே எழுத்தளவில் அருகருகே நின்றால் பார்ப்பவருக்கு எடை தெரியாது.

நம் உதாரணம் இப்போது இப்படி நிற்கிறது:

| | தேடினேன் | பதிவு செய்தேன் | காத்திருந்தேன் | இணைப்பு வந்தது | முதல் வாரம் | முதல் பில் |
|---|---|---|---|---|---|---|
| செய்தது | மூன்று திட்டங்களை ஒப்பிட்டார் | கைபேசியில் பத்து நிமிடத்தில் முடித்தார் | திரும்பத் திரும்பக் கூப்பிட்டார் | வேகத்தைச் சோதித்துப் பார்த்தார் | வேலைக்கு உட்கார்ந்தார் | பில்லைத் திறந்து கணக்குப் பார்த்தார் |
| உணர்வு | 0 | +1 | −2 | +2 (இருவருக்கு −2) | +1 | −1 |
| இடறல் | | | நாள் தெரியாமல் வீட்டிலேயே இருந்தார், 6-இல் 5 | கேபிள் போதவில்லை, மறுநாள் என்றார்கள், 6-இல் 2 | | ஒரு மாதம் என்று நினைத்தார், 42 நாள் கணக்கு வந்தது, 6-இல் 4 |

கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். இணைப்பு மாதத்தின் நடுவில் வந்தது. மாத இறுதிவரை 12 நாள். பில் போடும்போது அந்த 12 நாளோடு, முன்பணமாக அடுத்த மாதத்தின் 30 நாளையும் சேர்த்துப் போட்டார்கள். ஆகமொத்தம் 42 நாள். கணக்கு சரிதான். ஆனால் பதிவு செய்தபோது திரையில் மாதக் கட்டணம் மட்டுமே இருந்தது, எனவே முதல் பில்லும் அதே தொகைக்குத்தான் வரும் என்று நான்கு பேர் நினைத்திருந்தார்கள்.

இடறல் வெளிப்பட்டது கடைசிக் கட்டத்தில், அதன் விதை விழுந்தது இரண்டாவது கட்டத்தில். இது இந்த வரைபடத்தில் அடிக்கடி நடப்பது. எனவே இடறலை வலித்த இடத்தில்தான் எழுத வேண்டும், விதை விழுந்த இடத்துக்கு நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் கோடு விழும் இடத்துக்குக் கீழே வெற்றிடம் வந்துவிடும். வலித்த இடத்தில் எழுதிவிட்டு, அங்கிருந்து "பதிவு செய்தேன்" வரை ஒரு மெல்லிய அம்பு போடுங்கள். அந்த அம்பு இல்லாவிட்டால் பில் போடும் துறையைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மாற்ற வேண்டியது பதிவுத் திரை.

முதல் பில்லின் −1, காத்திருத்தலின் −2-ஐவிடச் சிறியது என்று அதைத் தள்ளிவிடவும் வேண்டாம். உளவியலாளர் டேனியல் கானமன் உள்ளிட்ட நால்வர் 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குக் கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. கலந்துகொண்டவர்கள் ஒரு தடவை 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் 60 நொடி கையை வைத்திருந்தார்கள். இன்னொரு தடவை அதே 60 நொடி, அதற்கு மேல் இன்னும் 30 நொடி. அந்த 30 நொடியில் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறியது. இரண்டில் எதைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வலி அதில்தான் அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. ஒரு அனுபவத்தை நினைத்துப் பார்க்கும்போது அதன் உச்சமும் முடிவும்தான் கூடுதல் எடை பெறுகின்றன என்பது அவர்கள் கருத்து. குளிர்நீரும் இணைய இணைப்பும் ஒன்றல்ல என்பதால் இதை விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கோட்டின் அடியாழத்தையும் கடைசிப் புள்ளியையும் இரண்டு தடவை பார்ப்பதற்கு இது போதுமான காரணம்.

இனி ஸ்லைடில் இதை வைப்பது. PowerPoint-இன் அகல ஸ்லைடு 33.87 செ.மீ. அகலம், 19.05 செ.மீ. உயரம். இருபுறமும் ஒரு செ.மீ. விட்டு, வரிசைப் பெயர்களுக்கு 3.5 செ.மீ. ஒதுக்கினால் கட்டங்களுக்கு ஏறத்தாழ 28 செ.மீ. மிஞ்சும். ஆறு கட்டம் என்றால் ஒன்றுக்கு 4.7 செ.மீ. 12 பாயின்ட் எழுத்தில் தமிழ்ச் சொற்கள் இந்த அகலத்தில் வரிக்கு இரண்டு, சில நேரம் ஒன்றுதான் நிற்கும். எனவே ஒரு இடறல் எட்டுப் பத்துச் சொல்லுக்குள் அடங்க வேண்டும். எழுத்தை 9 பாயின்டுக்குக் குறைத்து இடம் பிடிப்பதைவிட, சொல்லைக் குறைப்பது மேல். அறையின் கடைசி நாற்காலியில் இருப்பவருக்கு 9 பாயின்ட் வெறும் சாம்பல் பட்டையாகத்தான் தெரியும்.

உயரத்தில் உணர்வு வரிசைக்குத் தாராளமாக 5 செ.மீ. கொடுங்கள், இடறலுக்கு 4, செய்ததற்கு 3. தலைப்பும், யாருடைய பயணம் என்று சொல்லும் ஒரு வரியும், கட்டப் பெயர்களும் மீதியில் அடங்கிவிடும்.

கோட்டைக் கையால் வரையாமல் Insert > Chart > Line வழியாகப் போடுவது நல்லது. அச்சின் எல்லையை −2, +2 என்று நிலைநிறுத்துங்கள். குறுக்கு அச்சின் Axis position என்ற இடத்தில் Between tick marks இருந்தால், படத்தைக் கட்டங்களின் மொத்த அகலத்துக்கு இழுத்தவுடன் ஒவ்வொரு புள்ளியும் அதன் கட்டத்தின் நடுவில் வந்து நிற்கும். புள்ளிகளை நேர்கோட்டால்தான் இணைக்க வேண்டும். Smoothed line அழகாக வளையும், ஆனால் வளையும்போது சில இடங்களில் உண்மையான மதிப்பெண்ணையும் தாண்டிக் கீழே இறங்கி ஏறும். யாரும் சொல்லாத ஒரு சோர்வு படத்தில் தோன்றிவிடும். 0-இல் ஒரு மெல்லிய கோடு இருக்கட்டும். சிவப்பு, பச்சையை மட்டும் நம்பி நல்லது கெட்டதைக் காட்ட வேண்டாம். ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகையில் அந்த நிறங்களைப் பிரித்தறிவது கடினம். கோட்டின் உயரமே அதைச் சொல்லிவிடும்.

தலைப்பில் "வாடிக்கையாளர் பயண வரைபடம்" என்று எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். அது படம் என்ன வகை என்று மட்டும் சொல்கிறது. "பதிவுக்கும் இணைப்புக்கும் நடுவில், நாள் தெரியாமல் காத்திருக்கும்போது அவரை இழக்கப் பார்க்கிறோம்" என்று எழுதினால், கண் நேராக மூன்றாவது கட்டத்துக்குப் போகும். அடியில் சின்னதாக, எத்தனை பேரிடம், எந்த மாதம் பேசியது என்று ஒரு வரி. யாரிடமும் பேசாமல் ஊகத்தில் வரைந்த பகுதி ஏதாவது இருந்தால் அங்கே கோட்டைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.

முடித்த பிறகு ஒரு சோதனை. உணர்வு வரிசையை ஒரு வெள்ளைப் பெட்டியால் மறைத்துவிட்டு, இந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவரிடம் மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் மட்டும் காட்டி, கோட்டை வரையச் சொல்லுங்கள். அவர் வரைவது உங்களுடையதோடு பெரும்பாலும் ஒத்துப்போக வேண்டும். அவர் உயர்த்திய இடத்தில் உங்கள் கோடு விழுந்திருந்தால், அங்கே ஒரு இடறலை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது அந்த வீழ்ச்சிக்கு ஆதாரம் இல்லை. குறிப்புகளுக்குத் திரும்பிப் போனால் எது என்று தெரிந்துவிடும்.

இந்த ஸ்லைடு சொல்லாத ஒன்று உண்டு. நாள் ஏன் தெரியவில்லை? ஒருவேளை ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பட்டியலே முந்தைய இரவுதான் தயாராகிறது என்று இருக்கலாம். அது வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத பகுதி. அதை வரைவதற்குச் சேவை வரைபடம் என்ற தனி வகை இருக்கிறது. சந்தைப்படுத்தல் வல்லுநர் லின் ஷோஸ்டாக் 1984-இல் எழுதிய கட்டுரையில், வாடிக்கையாளருக்குத் தெரிவதையும் தெரியாததையும் ஒரு கோட்டால் பிரித்துக் காட்டினார். அந்தப் பின்புற வேலைகளையும் இந்த ஸ்லைடிலேயே திணிக்கும் ஆசை வரும். வேண்டாம். காத்திருத்தலை மட்டும் எடுத்து அடுத்த ஸ்லைடில் வரையுங்கள்.

பிறகு நிறுவனம் ஏதாவது மாற்றியது என்று வைத்துக்கொள்வோம். பதிவு செய்யும்போதே நாளைத் தேர்ந்தெடுக்க விட்டார்கள். அப்போது பழைய கோட்டை அழிக்காமல் மெல்லிய சாம்பல் நிறத்தில் அப்படியே விடுங்கள். புதிதாகக் குடிமாறிய வேறு ஆறு பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டு, புதுக் கோட்டை அதன் மேல் போடுங்கள். மூன்றாவது கட்டத்தில் கோடு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதோடு, பக்கத்துக் கட்டங்களையும் பாருங்கள். தேர்ந்தெடுத்த நாளில் ஆள் வராமல்போனால் இப்போது விழுவது நான்காவது கட்டம்.